பாதி எனக்கு, பாதி உனக்கு

மருந்து ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கூடிய அன்று, முதல் அரைமணி நேரம் ஒரு நாற்காலியிலேயே போயிற்று. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காத வெளியாள்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்குப் போட்ட நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை. முப்பது வருடம் கைப்பிடியில் கைவைத்துத் தீர்ப்புச் சொன்னவர் இப்போது கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசைக்கு மேலும் கீழும் மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் பெரிய டாக்டரின் அறையிலிருந்தே நாற்காலி வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒருங்கிணைப்பாளர்.

மருந்து ஆய்வு ஒன்று நடக்கும் இடத்தில் ஒருங்கிணைப்பாளர் என்றால் என்ன வேலை என்று கேட்டால், எல்லா வேலையும் என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளியை உட்காரவைப்பது, படிவத்தைப் படித்துச் சொல்வது, ரத்தம் எடுக்க அனுப்புவது, திரும்பி வரும் மாத்திரைகளை எண்ணுவது. பெரிய டாக்டர் 'முதன்மை ஆய்வாளர்'. அவர் கையெழுத்துப் போடுவார். இப்படிப் பதினோரு வருடமாக அவள் கோப்பு தூக்க, அவர் கௌரவம் தூக்கினார்.

அன்று வந்த ஆய்வு, தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய்க்கு ஒரு புது மருந்து. இருக்கிற பழைய மாத்திரை நோயைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பெரிய டாக்டர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். நரம்பியலின் வரலாற்றில் தொடங்கி, தன் வரலாற்றில் முடித்தார்.

குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒரு அம்மாள் உண்டு. சலவைக் கடை நடத்துபவர். அவர் கையைத் தூக்கினார்.

"டாக்டர், எனக்கு ஒண்ணும் புரியல. இந்த மருந்தை இதுக்கு முன்னாடி யாருக்காவது குடுத்திருக்காங்களா, நம்ம ஆளுங்கதான் முதல்ல சாப்பிடப் போறாங்களா?"

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். மறுபடி வரலாறு கிளம்புமோ என்று பயந்து ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டாள்.

"குடுத்திருக்காங்கம்மா. முதல் கட்டத்துல அறுபது ஆரோக்கியமான ஆளுங்க. அது மருந்து வேலை செய்யுதான்னு பாக்க இல்ல. உடம்பு தாங்குதா, எவ்வளவு வரைக்கும் தாங்குதுன்னு பாக்க. ரெண்டாம் கட்டத்துல இருநூறு நோயாளிங்க. ஏதாவது பலன் தெரியுதா, எந்த அளவு சரின்னு பாத்தாங்க. கொஞ்சம் தெரிஞ்சுது. இது மூணாம் கட்டம். பல ஊர்ல சேத்துத் தொள்ளாயிரம் பேர். அந்தப் பலன் நிஜமா, நம்ம ஆசையான்னு இதுலதான் தெரியும்."

"பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரைன்னு போட்டிருக்கே. சாகப்போறவனுக்கு வெத்து மாத்திரை குடுக்கறது பாவமில்லையா?"

"பழைய மாத்திரை எல்லாருக்கும் உண்டும்மா. அதை யார்கிட்டயிருந்தும் பிடுங்கல. அதுக்கு மேல புது மருந்தா, வெத்தான்னுதான் வித்தியாசம். புதுசு நல்லது பண்ணுதா கெட்டது பண்ணுதான்னு இன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது."

"சரி. நல்லதுன்னு தெரிஞ்சுட்டா? வெத்து சாப்பிட்டவங்களுக்கு அப்புறமாவது குடுப்பீங்களா?"

 மருந்துக் கம்பெனியின் இருநூற்றுச் சொச்சம் பக்கத் திட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வக்கீல் உறுப்பினர் பேனாவை மூடினார். நீதிபதி புது நாற்காலியின் கைப்பிடியில் முதன்முறையாகக் கையை அழுத்தினார்.

முடிவெடுக்கும் நேரம் வந்ததும் ஆய்வு நடத்துபவர்கள் வெளியே போக வேண்டும். "நானும் இந்தக் குழுவில மெம்பர்தானே" என்றார் பெரிய டாக்டர். "உங்க கல்யாணத்துக்கு நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது சார்" என்று வக்கீல் கதவைக் காட்டினார். அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை அனுமதி இல்லை என்று குழு எழுதியனுப்ப, இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி இறங்கி வந்தது. ஆய்வு முடியும்வரை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்ட எல்லோருக்கும், அதற்குப் பிறகு அசல் மருந்து ஒரு வருடம் கொடுக்கப்படும் என்று எழுதிச் சேர்த்தது. அனுமதி கிடைத்தது. அந்த வரியைப் படிவத்தில் தட்டச்சு செய்தவளும் ஒருங்கிணைப்பாளர்தான்.

அடுத்த மாதம் அவளுடைய தம்பிக்கு அதே நோய் என்று தெரிந்தது.

அவன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். ஆறு மாதமாகக் கையிலிருந்து கல் நழுவுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "வயசாகுதுடா" என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள். முப்பத்தெட்டு ஒரு வயசா? எல்லாப் பரிசோதனையும் முடித்து முடிவைச் சொன்ன நரம்பு டாக்டர், "உங்க அக்கா வேலை பாக்கற இடத்துலதானே அந்த ஆய்வு நடக்குது" என்றும் சொல்லி அனுப்பினார்.

தம்பி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொந்தக்காரர் என்பதால் தம்பியின் கோப்பை அவள் தொடக் கூடாது, எழுதிக் கொடுத்தாயிற்று, கூட வேலை பார்க்கும் இளையவர், எல்லோரும் 'சின்னவர்' என்று கூப்பிடுபவர், பார்த்துக்கொள்வார். யாருக்கு எது என்பதை எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானிக்கும். இங்கே வருவது ஒரு எண் மட்டும். அந்த எண்ணுள்ள டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

தம்பி மனைவி கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மூணாம் கட்டம்னா? இவருக்கு அவ்வளவு முத்திடுச்சா அண்ணி?"

"நோய்க்கு இல்லடி. மருந்துக்கு மூணாம் கட்டம்."

"மருந்துக்கெல்லாம் கட்டம் பாக்கறாங்க. என் புருஷனுக்கு ஒரு கட்டமும் சரியில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, குலுக்கட்டும். குலுக்கறப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"

"அது இங்கயே இல்லடி."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னுவாங்க. நம்ம வீட்டுலயே பூசாரி இருக்காங்க. பாக்கலாம்."

தம்பி சிரித்தான். "விடுடி. அக்கா ரூல்ஸ் பேசித்தான் ஆகணும். அது வேலை."

ஒப்புதல் படிவத்தைச் சின்னவர் வரி வரியாகப் படித்துக் காட்டினார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது. இதையெல்லாம் தம்பி தலையாட்டிக் கேட்டான். கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது. அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அப்போதுதான் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். தன் ஊழியரின் தம்பி என்று கேள்விப்பட்டு வந்தவர், தோளில் கை வைத்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பெரிய டாக்டர் வாயில் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. வாசலில் வண்டி நிறுத்துபவரிடமும் அதையேதான் சொல்வார். ஆனால் தம்பியும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே அந்த இரண்டு வார்த்தை, 'நல்ல டப்பாவாப் பாத்துக் குடுக்கறேன்' என்று வளர்ந்துவிட்டது.

மாதம் ஒருமுறை வந்தான். பன்னிரண்டு கேள்வி. பேச்சு தெளிவா, எழுத முடிகிறதா, படி ஏற முடிகிறதா, படுத்தால் மூச்சு விட முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் நான்குவரை மதிப்பெண், மொத்தம் நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நாற்பதைத் தாண்டாதவன் நாற்பத்தொன்றில் தொடங்கினான். அடுத்த மாதம் நாற்பது. அதற்கடுத்து முப்பத்தெட்டு. அந்த மதிப்பெண்களை அவள் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. தம்பிதான் வெளியே வந்ததும் அவள் மேசை வழியாக நடந்து, எத்தனை குறைந்தது என்று விரல்களைக் காட்டுவான். விரல்களும் முழுதாக விரியவில்லை.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டே தம்பி மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, உங்களுக்குச் சொல்லாம எப்படி? நாங்க ஒரு வேலை பண்ணிருக்கோம். யாருக்கும் நஷ்டமில்ல."

காத்திருக்கும் கூடத்தில் அவர்களோடு ஒரு பஸ் கண்டக்டரும் வருவாராம். அதே நோய், அதே ஆய்வு. கண்டக்டருக்கு மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டும். தம்பிக்கு ஒன்றுமே செய்யாது. அதனால் கண்டக்டருக்குத்தான் அசல் என்று இரண்டு குடும்பமும் தீர்மானித்துவிட்டது. பெரிய டாக்டர் 'பாத்துக்கறேன்' என்று சொல்லியும் டப்பா மாறிப்போயிருக்கிறது, கூட்டத்தில் கைதவறியிருக்கும். கண்டக்டர் நல்ல மனுஷன். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டுதானே? ஆளுக்குப் பாதி மாற்றிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக, வேளைக்கு இவனுடையதில் ஒன்று, அவருடையதில் ஒன்று.

ஒருங்கிணைப்பாளர் கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலி டப்பாவை எண்ணுவாங்களே?"

"எண்ணட்டும். கணக்கு சரியாத்தானே இருக்கும்?"

சரியாகத்தான் இருந்தது. சின்னவர் எண்ணி, 'நூறு சதவீதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்' என்று எழுத, பெரிய டாக்டர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த தம்பியிடம் போய் நின்றாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணின? ரெண்டு பேருக்குமே வெத்தா இருந்தா?"

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல."

"ரெண்டுமே அசலா இருந்தா?"

"அப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீ படிச்சவ, கணக்கைப் பாரு."

"ஒண்ணு அசல், ஒண்ணு வெத்துன்னா? உனக்கு அரை, அவருக்கு அரை. அரை போதும்னு யாருடா சொன்னா? தொள்ளாயிரம் பேர்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு பாத்துத்தான் இந்த மருந்து நல்லதா இல்லையான்னு சொல்லப் போறாங்க. நீங்க ரெண்டு பேரும் அதுல தண்ணி ஊத்திட்டீங்க."

அவன் நாற்காலியில் மெல்ல நிமிர்ந்தான். பேச்சும் இப்போது மெதுவாகத்தான் வந்தது.

"அக்கா, ஒருத்தனுக்கு முழுசாம், ஒருத்தனுக்கு ஒண்ணுமே கிடையாதாம். குலுக்கிப் போட்டுட்டு அதுக்குப் பேரு நியாயம்ங்கறீங்க. நாங்க பிரிச்சுக்கிட்டா தப்புங்கறீங்க. சின்ன வயசுல ஒரு மிட்டாய் இருந்தா நீ கடிச்சுப் பாதி தருவ. சீட்டா போட்ட?"

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பத்துப் புது ஆட்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்: விதிமீறல் தெரிந்தால் உடனே எழுது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 'முடியும்வரை தொடர்ந்து சாப்பிட்ட' என்று அவள் தட்டச்சு செய்த வரி, தட்டச்சு செய்தபோது எவ்வளவு அழகாக இருந்தது! தம்பியின் மாத்திரையை நிறுத்தினால் அந்த வரிக்குள் அவன் வரமாட்டான். அசல் மருந்து என்றைக்காவது அவன் வாயில் போவதற்கு இருந்த ஒரே நிச்சயமான வழி அதுதான்.

பத்தாம் நாள் கண்டக்டரின் ரத்தப் பரிசோதனை வந்தது. கல்லீரல் எண்கள் ஐந்து மடங்கு ஏறியிருந்தன. கண் மஞ்சள். வார்டில் சேர்த்திருந்தார்கள். அந்த மருந்தில் பாதி தம்பியின் வயிற்றிலும் இருக்கிறது. இனி வாயை மூடியிருக்க அவளால் முடியவில்லை.

பெரிய டாக்டர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை யார் பாத்தா?"

"யாரும் பாக்கல சார். அவங்களே சொன்னாங்க."

"வீட்டு விஷயத்தை ஏன் ஆபீஸுக்குக் கொண்டு வர்றீங்க? பேப்பர்ல இல்லாதது நடக்கவே இல்ல. மாத்திரைக் கணக்கு சரியா இருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அந்தக் கையெழுத்துக்காகத்தான் சார் சொல்றேன். கண்டக்டருக்கு வைத்தியம் பாக்கறவருக்கு, அவர் எவ்வளவு சாப்பிட்டார்னு தெரியணும். என் தம்பிக்கும் இன்னிக்கே ரத்தம் எடுக்கணும்."

"உங்க தம்பிக்கு இதனால என்ன நஷ்டம்னு யோசிச்சீங்களா?"

"ஒன்பது நாளா அதை மட்டும்தான் சார் யோசிச்சேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் அவர் முகம்தான் தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் எழுதினாள். சின்னவர் கையெழுத்திட்டார். கடைசியில் பெரிய டாக்டரும் போட்டார், வழக்கத்தைவிடச் சின்னதாக.

இருவருக்கும் அன்றே மாத்திரை நின்றது. தம்பியின் கல்லீரல் சுத்தமாக இருந்தது. அப்படியானால் யாருக்கு அசல்? யாருக்கு எது என்ற ரகசியத்தைத் திறக்கலாமா என்று சின்னவர் வார்டு டாக்டரைக் கேட்டார். அவசரம் என்றால் கம்ப்யூட்டரில் அந்த ஒருவருக்கு மட்டும் திறந்து பார்க்க வழி உண்டு. வார்டு டாக்டர் வேண்டாம் என்றார். "எதுவா இருந்தாலும் நான் பாக்கப்போற வைத்தியம் ஒண்ணுதான். சந்தேகப்படற மாத்திரையை எல்லாம் நிறுத்திட்டேன். பழைய மாத்திரைக்கே கல்லீரலைச் சீண்டற குணம் உண்டு." ஆசைக்காக அந்த ரகசியத்தைத் திறக்க முடியாது. கண்டக்டர் பன்னிரண்டு நாளில் தேறினார். எதனால் வந்தது, எதை நிறுத்தியதால் போனது, ஒருவருக்கும் தெரியாது.

குழு மறுபடி கூடியது. இந்த முறை நாற்காலி சரியாக இருந்தது, ஏ.சி. வேலை செய்யவில்லை. அதில் கால்மணி போனது. இரண்டு பேரும் இனி ஆய்வு மாத்திரை சாப்பிடக் கூடாது என்று முடிவானது. ஆனால் மாதாமாதம் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். அசல், வெத்து என்று கம்ப்யூட்டர் எந்தப் பிரிவில் போட்டதோ அந்தப் பிரிவிலேயே கணக்கில் இருப்பார்கள். நடுவில் நின்றவர்களையெல்லாம் கழித்துவிட்டுக் கூட்டினால் கணக்கு பொய் சொல்லும்.

சலவைக் கடை அம்மாள் கேட்டார்: "இவங்க ஏன் இப்படிப் பண்ணினாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

ஒருங்கிணைப்பாளர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். 'நான் பாத்துக்கறேன்' என்ற வார்த்தையையும் சொன்னாள். அறையில் கொஞ்ச நேரம் யாரும் விசிறிக்கொள்ளவில்லை.

"அந்த ரெண்டு பேருக்கும் கடைசியில அசல் குடுக்கச் சொல்லிக் கம்பெனியைக் கேக்கலாமே" என்றார் அம்மாள். கேட்டார்கள். கம்பெனி மூன்று பக்கத்தில் வருத்தம் தெரிவித்தது. மூன்று பக்கத்துக்கும் சாரம் 'முடியாது' என்பதே. குழு செய்த இன்னொரு காரியம், நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஆய்வு நடத்துபவர் அனைவருக்கும் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு உத்தரவிட்டது. பயிற்சி எடுத்தவள் ஒருங்கிணைப்பாளர். பெரிய டாக்டர் வரவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்து மட்டும் வந்தது. அவருடைய சான்றிதழைச் சட்டம் போட்டு, ஏற்கெனவே இருந்த ஏழு சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

தம்பி மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். பூசாரிப் பட்டமும் போயிற்று. இப்போது 'அவங்க' என்கிறாள். தம்பி மட்டும் மாதாமாதம் வருகிறான். சக்கர நாற்காலியில். மதிப்பெண் இருபத்தாறு.

போன வாரம் கேள்விகள் முடிந்து அவனைச் சின்னவர் தள்ளிக்கொண்டு வந்து அவள் மேசைப் பக்கத்தில் நிறுத்தினார். அவன் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான்.

"எனக்கு. எது. வந்துச்சு?"

"தெரியாதுடா. தொள்ளாயிரம் பேருக்கும் முடிஞ்சப்புறம்தான் திறப்பாங்க."

"எப்ப?"

"இன்னும் ஒண்ணரை வருஷம்."

அவன் அந்த ஒன்றரை வருடத்தை மனதில் ஒருமுறை அளந்து பார்த்திருக்க வேண்டும். தரையை அளப்பவனுக்கு, இடம் போதாது என்றால் பார்த்ததும் தெரியும்.

"உனக்குத் தெரியும். பதினோரு வருஷம் இங்க இருக்க."

"சத்தியமாத் தெரியாதுடா."

அழக் கூடாது என்று கோப்பை எடுத்து அடுக்கினாள். அடுக்கி முடித்ததை மறுபடி அடுக்கினாள். அவன் கையை மேசைமேல் கொண்டுவரப் பார்த்தான், பாதிதான் வந்தது. மீதித் தூரத்துக்கு அவள் தன் கையைக் கொண்டுபோனாள்.

"சரிக்கா," என்றான் தம்பி, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில். "சொல்லாத. உன் வேலை. போயிடும்."

சின்னவர் நாற்காலியைத் திருப்பினார். கதவருகே போனதும் தம்பி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான். அந்தத் தசை இன்னும் வேலை செய்தது.